கோல் அடியாத வீரனுக்கு ஒரு மடல்

இவ்வாரம் நம் மேசைக்கு வந்த மடல்களுள் ஒன்று சற்றுப் புதுமையானது. அதை எழுதியவர் புத்தளம் மாவட்டத்துக் கடற்கரை ஊரொன்றைச் சேர்ந்த முதியவர். வாழ்நாள் முழுதும் கரைவலை இழுத்துப் பிழைத்தவர். இப்பொழுது கிழிந்த வலைகளைத் தைத்துக் கொடுப்பதோடு சரி. மீன் தொழிலை விட்டாலும் அவர் விடாத ஒன்று உண்டு. அது தம் ஊர் உதைபந்தாட்டக் கழகம். தந்தையின் தோள்மீதிருந்து முதல் ஆட்டத்தைப் பார்த்தவர், இன்றும் ஊன்றுகோலோடு மைதானத்தின் ஓரத்தில் வந்து அமர்ந்து விடுகிறார்.

அக்கழகத்தின் முன்வரிசையில் கோல் அடிப்பதற்கென்றே நிறுத்தப்பட்டுள்ள இளைஞன் ஒருவன் உளன். வயது இருபத்துமூன்று. பதினொரு ஆட்டங்களாக அவன் காலிலிருந்து ஒரு கோலும் பிறக்கவில்லை. அடுத்த மாதம் இறுதியாட்டம் வரவிருக்கிறது. “நான் வெளியே இருந்து கொள்கிறேன், வேறு யாரையாவது போடுங்கள்” என்று அவன் கழகக் குழுவினரிடம் சொல்லி விட்டானாம். நம் அன்பர் அவனுக்கு ஒரு மடல் எழுத விரும்பினார். இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் கிழித்துப் போட்டார். “எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்ன எழுதினால் அந்தப் பிள்ளை கேட்பான்?” என்பதே அவர் வினா.

கிழித்த மடலில் என்ன இருந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். “கவலைப்படாதே, அடுத்த ஆட்டத்தில் நீ நிச்சயம் அடிப்பாய்” என்பதே அதன் சாரம். அன்பினால் பிறந்த வாக்கியந்தான். ஆனால் அது கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுப்பதாகச் சொல்கிறது. அடுத்த ஆட்டத்திலும் கோல் விழாவிட்டால், அவன் தோளில் உள்ள சுமையோடு இந்த மடலும் ஒரு சுமையாகச் சேரும். அவர் அதைக் கிழித்தது நன்றே.

ஆனால் அவர் தம் மடலோடு வேறொன்றையும் இணைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக் கொப்பி ஒன்றிலிருந்து எழுதியெடுத்த இரண்டு பக்கங்கள் அவை. ஆட்டந்தோறும் தம் ஊர் வீரர்கள் எத்தனை முறை கோலை நோக்கி உதைத்தனர், எங்கிருந்து உதைத்தனர் என்பதைக் கோடு போட்டுக் குறித்து வைப்பது அவருடைய நெடுநாள் வழக்கமாம். கோலுக்கு முன்னாலுள்ள 18 யார் கட்டத்துக்குள்ளிருந்து உதைத்தால் கோட்டின் மேல் ஒரு புள்ளி. வெளியிலிருந்து உதைத்தால் வெறுங்கோடு. இதை அவர் ஒரு பொருட்டாகக் கருதவில்லை. நாம் கருதினோம். அவர் எழுத வேண்டிய மடல் அந்த இரண்டு பக்கங்களில் ஏற்கெனவே இருக்கிறது.

எங்ஙனம் எனில், கோல் அடியாமை என்பது வெளிப்பார்வைக்கு ஒரே நோயாகத் தோன்றினும் உள்ளே இரண்டு வேறு நோய்கள் உள்ளன. ஒன்று, வாய்ப்புகள் வந்துகொண்டேயிருந்தும் பந்து உள்ளே போகாமை. மற்றொன்று, வாய்ப்புகளே வாராமை. முதலாவதற்குப் பெரும்பாலும் மருந்து வேண்டாம்; பொறுமை போதும். இரண்டாவதற்குப் பொறுமை உதவாது. ஆட்டத்தில் எதையேனும் மாற்றியே ஆகவேண்டும். கோல்களை மாத்திரம் எண்ணுகிறவருக்கு இரண்டும் சுழியமாகவே தெரியும். உதைகளை எண்ணுகிறவருக்கே வேற்றுமை புலப்படும்.

உலகத்தின் பெரிய லீக் ஆட்டங்களில் எடுக்கப்பட்ட கணக்கின்படி, கோலை நோக்கி உதைக்கப்படும் பந்துகளில் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்றே உள்ளே செல்கிறது. கட்டத்துக்குள்ளிருந்து உதைத்தால் ஏழில் ஒன்று என்ற அளவுக்கு உயரும். வெளியிலிருந்து உதைத்தால் நூற்றுக்கு மூன்று நான்கு என்று தாழும். நம் கரையோரத்து மணல் மைதானங்களிலும் சோழகக் காற்றிலும் இந்த எண்கள் சற்றே மாறலாம். ஆயினும் உள்ளிருந்து உதைப்பதற்கும் வெளியிலிருந்து உதைப்பதற்கும் உள்ள ஏற்றத்தாழ்வு எங்கும் மாறாது.

இனி அன்பரின் கொப்பியைப் பார்ப்போம். பதினொன்றில் முதல் ஆறு ஆட்டங்களில் அவ்விளைஞன் 19 முறை உதைத்திருக்கிறான். அவற்றுள் 14 கட்டத்துக்குள்ளிருந்து. ஒரு கோலும் இல்லை. இது எவ்வளவு அபூர்வமான காரியம்?

வீட்டிலே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறோம். பத்துப் புளியங்கொட்டைகளை எடுத்து, அவற்றில் ஒன்றுக்கு மட்டும் சுண்ணாம்பு பூசி, ஒரு சிரட்டையிலிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுங்கள். நிறத்தைப் பார்த்துவிட்டு மீண்டும் உள்ளே போட்டுக் குலுக்குங்கள். இவ்வாறு 19 முறை எடுத்தால் வெள்ளைக் கொட்டை ஒருமுறையேனும் கையில் வரவேண்டும் என்றே நாம் எண்ணுவோம். ஆனால் நூறு பேர் இப்படி எடுத்தால், அவர்களுள் பதின்மூன்று பேருக்கு ஒருமுறைகூட வெள்ளை வராது. அந்தப் பதின்மூவரும் கொட்டை எடுக்கத் தெரியாதவர்கள் அல்லர். அவர்கள் கையில் குற்றமும் இல்லை. ஒரு லீக்கில் எட்டுக் கழகங்கள் இருந்து, எட்டிலும் இவனைப் போல் ஒவ்வொரு முன்வரிசை வீரன் ஆடினால், எவனாவது ஒருவனுக்கு ஆறு ஆட்டங்கள் இவ்வாறு வறண்டு போவதே இயல்பு. இம்முறை அது இவனாயிற்று. அவ்வளவே.

ஆகவே முதல் ஆறு ஆட்டங்களில் அவனிடம் நோய் ஒன்றும் இல்லை. கட்டத்துக்குள்ளிருந்து 14, வெளியிலிருந்து 5 என்ற கணக்கில் சராசரி வீரன் ஒருவனுக்கு இரண்டு கோல்கள் கிடைத்திருக்கும். அவனுக்குக் கிடைக்கவில்லை.

பின்னர் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. கடைசி ஐந்து ஆட்டங்களில் அவன் உதைத்தவை 7 மாத்திரமே. அவற்றுள் கட்டத்துக்குள்ளிருந்து உதைத்தவை இரண்டே இரண்டு. மற்ற ஐந்தும் தொலைவிலிருந்து உதைத்தவை. இந்த ஏழுக்கும் மேற்சொன்ன கணக்கைப் போட்டால் அரைக் கோலும் தேறாது. அன்பர் தம் பக்கத்தின் ஓரத்தில் இன்னொன்றையும் குறித்திருக்கிறார்: “உதைக்க இடம் இருந்தும் பக்கத்தில் நின்றவனுக்குக் கொடுத்தான்” என்று நான்கு இடங்களில். முதல் ஆறு ஆட்டங்களில் அப்படி ஒரு குறிப்பும் இல்லை.

அதாவது, முதலில் வந்தது வெறும் அதிர்ஷ்டக் குறைவு. அதைத் தன் குறைவென்று எண்ணி அவன் தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டான். அந்த மாற்றமே இரண்டாவது நோயாயிற்று. கோல் விழாத வீரன் பந்தைத் தொட ஏங்குகிறான். கட்டத்துக்குள் நின்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைகூடப் பந்து வராது. பார்ப்போர் “சும்மா நிற்கிறான்” என்பர். மைதானத்தின் நடுப்பகுதிக்கு இறங்கி வந்தால் பந்து கிடைக்கும், ஓடலாம், வியர்க்கலாம், உழைப்பதாகத் தோன்றும். ஆனால் அவன் இறங்கி வந்த வேளையில், பக்கவாட்டிலிருந்து தோழன் அடித்தனுப்பும் பந்து ஆளில்லாத கோல் வாசலைக் கடந்து போய்விடுகிறது. உழைப்புக் கூடுகிறது, கோல் மேலும் விலகுகிறது.

இதற்குச் சரித்திரத்தில் நல்ல சான்று ஒன்றுண்டு. 1982ஆம் ஆண்டு ஸ்பெயினில் நடந்த உலகக் கிண்ணத்துக்கு இத்தாலி நாடு பாவ்லோ ரோஸி என்பவரை முன்வரிசையில் அழைத்துச் சென்றது. சூதாட்ட வழக்கொன்றின் பேரில் இரண்டு ஆண்டுகள் ஆடத் தடை விதிக்கப்பட்டிருந்தவர் அவர். தாம் குற்றமற்றவர் என்றே அவர் கூறி வந்தார். தடை முடிந்து, அவ்வாண்டு லீக்கின் கடைசியில் மூன்றே ஆட்டங்கள் ஆடிவிட்டு உலகக் கிண்ணத்துக்கு வந்தார். போலந்தோடு கோலின்றிச் சமம், பெருவோடு ஒன்றுக்கொன்று சமம், கமரூனோடும் அவ்வாறே. பெருவுடனான ஆட்டத்தில் இடைவேளையோடு ரோஸி வெளியே எடுக்கப்பட்டார். நான்காவது ஆட்டத்தில் ஆர்ஜென்டினாவை இத்தாலி வென்றது; ஆனால் அந்த இரண்டு கோல்களும் பிறர் அடித்தவை. நான்கு ஆட்டங்களில் ரோஸிக்கு ஒரு கோலும் இல்லை. அவரை நீக்க வேண்டும் என்று இத்தாலியப் பத்திரிகைகள் கூக்குரலிட்டன. பயிற்சியாளர் என்சோ பெயர்சோத் அசையவில்லை.

1982 யூலை 5ஆம் திகதி, பார்சலோனா நகரில் பிரேசிலுடன் ஆட்டம். ஐந்தாவது நிமிடத்தில் இடப்புறமிருந்து கப்ரீனி உயர்த்தி அனுப்பிய பந்தை ரோஸி தலையால் முட்டிக் கோலாக்கினார். இருபத்தைந்தாவது நிமிடத்தில் பிரேசில் வீரர் ஒருவர் தம் தோழருக்குக் குறுக்கே தட்டிய பந்தை இடைமறித்து எடுத்துச் சென்று இரண்டாவதை அடித்தார். இறுதிப் பகுதியில் மூலை உதையொன்றின் பின், தோழர் தார்தெல்லி உதைத்த பந்து கோல் வாசலருகே வந்தபோது அதைத் திருப்பி விட்டு மூன்றாவதைப் பெற்றார். இத்தாலி 3-2 என வென்றது. அரையிறுதியில் இரண்டு, இறுதியாட்டத்தில் ஒன்று என மொத்தம் ஆறு கோல்களோடு அப்போட்டியின் முதல்வராக அவர் நின்றார். இத்தாலி கிண்ணம் பெற்றது.

அந்த மூன்று கோல்களையும் உற்று நோக்குக. ஒன்றேனும் தொலைவிலிருந்து வானைக் கிழித்து வந்த உதை அன்று. மூன்றும் பந்து வந்து சேரும் இடத்தில் முன்கூட்டியே நின்றதன் பயன். நான்கு ஆட்டங்கள் வெறுமையாய்ப் போன பின்பும் அவர் அந்த இடத்தை விட்டு விலகவில்லை.

நிற்க. எல்லா வறட்சியும் இப்படி முடிவதில்லை என்பதையும் நாம் மறைத்தல் கூடாது. ஸ்பெயின் நாட்டு பெர்னாண்டோ டொரஸ் லிவர்பூல் கழகத்துக்காக 102 லீக் ஆட்டங்களில் 65 கோல்கள் அடித்தவர். 2011 ஜனவரி இறுதியில் ஐந்து கோடி பவுணுக்குச் செல்சிக் கழகம் அவரை வாங்கியது. அங்கே முதல் கோலுக்கு அவர் 903 நிமிடங்கள் ஆட வேண்டியிருந்தது. பின்னர் 2011 அக்டோபர் முதல் 2012 மார்ச் வரை 24 ஆட்டங்கள் கோலின்றிக் கழிந்தன. அந்த வறட்சியும் தீர்ந்தது. அவ்வாண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் அதிக கோல் அடித்தோருக்கான தங்கப் பாதணியும் அவருக்கே கிடைத்தது. ஆயினும் செல்சியில் ஆடிய 110 லீக் ஆட்டங்களில் அவர் அடித்தவை 20 மட்டுமே. பழைய வேகம் திரும்பவில்லை. அதற்கு முன்பு 2010இல் முழங்காலில் சத்திர சிகிச்சை செய்துகொண்டவர் அவர் என்பது நினைவில் இருக்க வேண்டும். உடம்பின் குறையை அதிர்ஷ்டக் குறை என்று தேற்றுவது தீங்கு. ஆகவே ஊக்கமூட்டும் மடலிலும் உடம்பைப் பற்றிய ஒரு வினா இருத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு, அன்பரின் சொற்களையும் அவருடைய கணக்கையும் வைத்தே நாம் எழுதிக் கொடுத்த மடல் பின்வருமாறு:

“அன்புள்ள தம்பிக்கு,

உன் தந்தையோடு ஒரே வலையில் கயிறு பிடித்தவன் எழுதுகிறேன். நீ நலமா? இந்த மடலை ஆறுதல் சொல்வதற்காக நான் எழுதவில்லை. ஆறுதல் சொல்ல ஊரில் பலர் இருக்கிறார்கள். நான் பார்த்ததைச் சொல்வதற்காக எழுதுகிறேன். பதினொரு ஆட்டத்தையும் தொடக்கம் முதல் கடைசி ஊதல் வரை நான் பார்த்திருக்கிறேன். நீயோ ஆடிக்கொண்டிருந்தாய், உன்னை நீ பார்த்திருக்க முடியாது.

முதல் ஆறு ஆட்டத்தில் நீ 19 முறை கோலுக்கு உதைத்தாய். அதில் 14 கட்டத்துக்குள்ளிருந்து. மூன்றாவது ஆட்டத்தில் உன் உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஐந்தாவதில் காவற்காரன் விழுந்து விரல் நுனியால் தட்டினான். அவன் அதைத் தடுத்தது அவன் திறமை, உன் பிழையல்ல. போன வருடம் நீ ஒன்பது கோல் அடித்தபோதும் ஓர் ஆட்டத்துக்கு இதே அளவுதான் உதைத்தாய். என் கொப்பியில் இரண்டு வருடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நீ வந்து பார்க்கலாம்.

பின்பு ஐந்து ஆட்டத்தில் நீ உதைத்தது 7. கட்டத்துக்குள்ளிருந்து 2. இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட்டால் இந்த மடலே பொய்யாகிவிடும். நீ பந்தைத் தேடி நடுவுக்கு வரத் தொடங்கிவிட்டாய். நீ ஓடுவது கூடியிருக்கிறது. ஊரார் அதைப் பார்த்து ‘பாவம், எவ்வளவு ஓடுகிறான்’ என்கிறார்கள். எனக்கு மட்டும் நீ நின்றிருக்க வேண்டிய இடம் வெறுமையாய்த் தெரிகிறது. ஒன்பதாவது ஆட்டத்தில் இடப்பக்கத்திலிருந்து நம் பையன் அடித்த பந்து கோலுக்கு முன்னால் மூன்று முறை குறுக்கே போனது. மூன்று முறையும் அங்கே நம்மவர் ஒருவரும் இல்லை.

கரைவலையைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மீன் வரவில்லை என்று வலை வளைக்கும் துறையை நாம் ஒவ்வொரு நாளும் மாற்றினோமா? இரண்டு கிழமை வெறும் மடியை இழுத்த காலம் உண்டு. அப்போதும் மூத்தவர்கள் பார்த்தது மீனை அல்ல. வலை சரியாக வளைந்ததா, அடிக்கயிறு தரையோடு வந்ததா என்பதைத்தான். அது சரியென்றால் மறுநாளும் அதே இடத்தில்தான் தோணி போகும். அது பிழையென்றால் முதலில் வலையைத் தைப்பார்கள். நீ முதல் ஆறு ஆட்டத்தில் வலையைச் சரியாகத்தான் போட்டாய். மீன் வரவில்லை என்று துறையை மாற்றியது மட்டுமே பிழை.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்ல வேண்டும். உன் காலில் நோவு ஏதும் உண்டா? எட்டாவது ஆட்டத்துக்குப் பின் நீ வலது காலில் துணி சுற்றியிருந்ததைக் கண்டேன். நோவு இருந்தால் இறுதியாட்டத்தில் இறங்காதே. முதலில் புத்தளம் ஆசுபத்திரிக்குப் போய்க் காட்டு. நானும் கூட வருகிறேன். அது வேறு கதை. அதற்கு என் கணக்குப் பதில் சொல்லாது.

நோவு இல்லையென்றால், என் விருப்பம் இவ்வளவே. பந்து நம்மவர் காலில் இருக்கும்போது அந்தக் கட்டத்தை விட்டு வெளியே வராதே. பத்து நிமிடம் பந்து வராவிட்டாலும் வராதே. யாராவது ‘சும்மா நிற்கிறான்’ என்று கத்தினால் அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உதைக்க இடமிருந்தால் உதை, பக்கத்தில் பார்க்காதே. கோல் விழுமா என்று எனக்குத் தெரியாது. விழும் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். நீ கட்டத்துக்குள்ளிருந்து மூன்று முறை உதைத்தால், கோல் விழுந்தாலும் விழாவிட்டாலும், என் கொப்பியில் அதை நல்ல ஆட்டம் என்றுதான் எழுதுவேன்.

நீ வெளியே இருக்கப் போவதாகக் குழுவிடம் சொன்னாயாம். கோல் அடிக்காதவன் கழகத்துக்குக் கடன்பட்டவன் என்று நீ நினைக்கிறாய் போலும். உன் தந்தையின் ஆட்டத்தையும் பார்த்தவன் நான். அவர் தன் வாழ்நாளில் அடித்த கோல்கள் எத்தனை என்று எனக்கு நினைவில்லை. அவர் எங்கே நிற்பார் என்பது நன்றாய் நினைவிருக்கிறது.

இப்படிக்கு,
மைதானத்தின் வடக்கு ஓரத்தில், தென்னையடியில் இருப்பவன்.”

மடல் இவ்வளவே. அன்பர் இதை எப்படிக் கொடுப்பது என்றும் கேட்டிருந்தார். ஆட்டத்தன்று காலையில் கொடுத்தல் வேண்டா. அன்று எதைப் படித்தாலும் பாரமே. இரண்டு கிழமைக்கு முன்பே, பயிற்சி முடிந்து அவன் தனியே வீடு திரும்பும் மாலையில் கையில் கொடுப்பது நல்லது. கொப்பியின் அந்த இரண்டு பக்கங்களையும் கூடவே வைக்க வேண்டும். மற்றவர் முன்னிலையில் படித்துக் காட்டலாகாது. ஊரார் அறிய ஒருவனுக்குச் சொல்லும் நல்ல சொல்லும் சில வேளைகளில் குற்றச்சாட்டாகி விடும்.

அந்த இரண்டு கிழமையில் கழகத்தார் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பயிற்சியின் கடைசி இருபது நிமிடத்தை ஒதுக்கி, இருபுறமிருந்தும் பந்தை அடித்தனுப்பச் செய்து, கோலிலிருந்து ஆறு முதல் பத்து யார் தொலைவுக்குள் அவன் ஒரே தொடுகையில் முடிக்கும்படி பழக்கலாம். கோல் காவலரும் நிற்கட்டும். வெறுங்கோலுக்கு உதைப்பது பழக்கமாகாது. இதன் நோக்கம் உதையைத் திருத்துவதன்று. அந்த இடத்தில் நிற்பதையும், பந்து வரும் திசையை முன்னரே கணிப்பதையும் மீண்டும் அவன் கால்களுக்கு இயல்பாக்குவதே.

“ஒரு தண்ட உதையை அவனுக்குக் கொடுத்தால் வறட்சி தீருமே” என்று கழகத்தில் ஒருவர் யோசனை சொன்னதாகவும் அன்பர் எழுதியிருக்கிறார். தண்ட உதைகளில் நான்கில் மூன்று கோலாவது உண்மைதான். ஆனால் நான்காவது இவனுடையதாய் அமைந்துவிட்டால் அந்தக் காயம் எளிதில் ஆறாது. வழக்கமாகத் தண்ட உதை எடுப்பவன் அவனே என்றால் அவனே எடுக்கட்டும். இரக்கத்தின் பேரில் புதிதாய்க் கொடுக்க வேண்டா.

இறுதியாட்டம் முடிந்தபின் அன்பர் நமக்கு எழுதுவதாயிருந்தால், முதலில் யார் வென்றார் என்று எழுத வேண்டா. கொப்பியில் அன்றைய கோடுகள் எத்தனை, அவற்றின்மேல் புள்ளிகள் எத்தனை என்று எழுதுக. புள்ளிகள் மூன்றோ நான்கோ இருந்தால் மடல் போய்ச் சேர்ந்தது என்று அறிந்துகொள்வோம்.